நான்கு தாள்கள்: ஒரு கண்டறிவை மென்மையாக்கச் சொன்னபோது நடந்தவை

நான் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது நடந்தது இது. தணிக்கையைச் செய்தவர் என் பிரிவில் நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பெண். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களோ நிறுவனமோ அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். எண்ணிக்கைகள் தணிக்கைக் கோப்பில் இருப்பவை.

## பின்னணி

எடுத்துக்கொண்ட பொருள், சப்ளையர்களின் வங்கிக் கணக்கு விவரங்களை மாற்றும் நடைமுறை. ஒரு சப்ளையர் "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். அது உண்மையிலேயே சப்ளையரிடமிருந்து வந்ததா, அவருடைய மின்னஞ்சலைக் கைப்பற்றிய வேறொருவரிடமிருந்து வந்ததா என்பது கடிதத்தைப் பார்த்தால் தெரியாது. அதனால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ நடைமுறை ஒன்றைக் கட்டாயமாக்கியிருந்தது. மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கனவே கோப்பில் இருக்கும் எண்ணுக்கு அலுவலகத் தொலைபேசியிலிருந்து அழைத்துக் கேட்க வேண்டும். யாரிடம், எப்போது பேசினோம் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஆள் கணினியில் ஒப்புதல் தர வேண்டும்.

இந்த வேலையைச் செய்தது நிதித் துறையில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு. அவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர், அவருக்கு மேலே நிதிப் பொது மேலாளர். இந்தக் கதையில் வரும் மூத்த மேலாளர் அவர்தான். நிறுவனத்தில் 20 ஆண்டுக்கு மேல் இருந்தவர், வேலை தெரிந்தவர், எல்லோரும் மதிக்கிறவர். அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் "உயர் நிலைத் தணிக்கைக் கண்டறிவு எதுவும் இருக்கக் கூடாது" என்று ஒரு இலக்கு இருந்தது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

நான் இயக்குநர் குழுவின் கீழ் உள்ள தணிக்கைக் குழுவுக்கு அறிக்கை தருபவன் என்றாலும் என் பட்ஜெட், விடுப்பு, சம்பள உயர்வுக் கடிதம் எல்லாமே நிதித் துறை வழியாகத்தான் வரும். பல நிறுவனங்களில் இப்படித்தான் இருக்கிறது.

## தணிக்கையில் தெரிந்தது

12 மாதங்களில் 214 கணக்கு மாற்றங்கள் நடந்திருந்தன. அதிலிருந்து 40 மாற்றங்களை மாதிரியாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் தாளைக் கேட்டார் தணிக்கையாளர். 13 மாற்றங்களுக்குத் தாள் இல்லை.

எண்ணிக்கையோடு நிற்காமல் காரணத்தையும் தேடினார். தாள் இல்லாதவற்றில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசி மூன்று நாட்களில் நடந்தவை. மாதக் கடைசியில் பணம் அனுப்பும் ஓட்டம் இருக்கும், அப்போதுதான் கோரிக்கைகளும் குவியும். அந்தக் குழுவுக்கு "கோரிக்கை வந்த ஒரு நாளுக்குள் மாற்ற வேண்டும்" என்று ஓர் உள் இலக்கு இருந்தது. கணினியோ தாளைக் கேட்காமலேயே ஒப்புதலை ஏற்றுக்கொண்டது. ஒரு நாள் இலக்கும், தடுக்காத கணினியும், மூன்றே பேரும் சேர்ந்தால் முதலில் விட்டுப்போவது தொலைபேசி அழைப்புதான்.

எங்கள் தணிக்கைக் கையேட்டில் கண்டறிவின் நிலையைத் தீர்மானிக்க ஒரு விதி இருந்தது. பணம் வெளியே போவதைக் காக்கும் முக்கியக் கட்டுப்பாடு, மாதிரியில் 20 சதவீதமோ அதற்கு மேலோ செயல்படவில்லை என்றால் நிலை "உயர்". அதற்குக் கீழே என்றால் "நடுத்தரம்". 40-ல் 13 என்பது 32.5 சதவீதம். வரைவு அறிக்கை "உயர்" என்ற நிலையோடு நிதித் துறைக்குப் போனது. பதிலளிக்க 10 வேலை நாட்கள்.

## வரைவு போன பிறகு

மூன்றாம் நாள் பொது மேலாளர் தணிக்கையாளரைத் தன் அறைக்கு அழைத்தார். குரல் உயரவில்லை. மூன்று விஷயங்களைச் சொன்னார். அந்த மூன்றும் ஒரே வகை அல்ல என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

முதலாவது, 13 என்ற எண்ணிக்கை தவறு என்றார். இரண்டு மாற்றங்களில் கணக்கு மாறவே இல்லை, சப்ளையரின் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்ததால் கிளைக் குறியீடு மட்டும் மாறியது, அப்படிப்பட்ட மாற்றத்துக்கு அழைக்கத் தேவையில்லை என்று நடைமுறையின் பிற்சேர்க்கையிலேயே இருக்கிறது என்று காட்டினார். அவர் சொன்னது சரி. தணிக்கையாளர் பிற்சேர்க்கையைப் படிக்காமல் விட்டிருந்தார்.

இரண்டாவது, "சரிபார்க்கப்படவில்லை என்று எப்படி எழுதலாம்? பதிவு இல்லை என்றுதானே உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். இதுவும் நியாயம். வரைவில் "சப்ளையரைத் திரும்ப அழைத்துச் சரிபார்க்கவில்லை" என்று இருந்தது. கையில் இருந்த சான்றோ, சரிபார்த்ததற்குப் பதிவு இல்லை என்பது மட்டும்தான்.

மூன்றாவதாகத் தானே எழுதிவைத்திருந்த ஒரு வாக்கியத்தை நீட்டினார்: "சப்ளையர் தகவல் மாற்ற நடைமுறையின் ஆவணப்படுத்தலை மேலும் வலுப்படுத்த வாய்ப்பு உள்ளது." நிலை "குறைவு". "ஒரு பைசா நஷ்டம் ஆகலையே, அப்புறம் எதுக்கு உயர்? இன்னும் ரெண்டு வாரத்துல வெளித் தணிக்கையாளர்கள் வர்றாங்க. இதைப் படிச்சா அவங்க வேலையை இரண்டு மடங்கு ஆக்குவாங்க."

அந்த வாக்கியம் திறமையாக எழுதப்பட்டது. அதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்ட முடியாது. ஆனால் எத்தனைக்கு எத்தனை என்பது போய்விட்டது. எந்த விதியை மீறியது என்பது போய்விட்டது. ஏன் நடந்தது, என்ன ஆகலாம் என்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக "ஆவணப்படுத்தல்" என்ற சொல், அழைப்பு நடந்தது, எழுதத்தான் மறந்தார்கள் என்று படிப்பவரை நம்பவைக்கும். அப்படி நம்ப எந்தச் சான்றும் இல்லை. "சரிபார்க்கவில்லை" என்று அடித்துச் சொன்ன எங்கள் வரைவு எந்தத் தவறைச் செய்ததோ, அதே தவறை எதிர்ப்பக்கமாகச் செய்தது அவருடைய வாக்கியம்.

தணிக்கையாளர் முதல் இரண்டையும் அங்கேயே ஒப்புக்கொண்டார். மூன்றாவதுக்கு, "யோசிச்சு எழுத்துல பதில் தரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்று மாலையே உரையாடலை ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டுக் கோப்பில் வைத்தார். அந்த ஒரு பக்கம் பிறகு மிகவும் உதவியது.

## நான் செய்த தவறு

மறுநாள் பொது மேலாளர் என்னிடம் வந்தார். இப்போது எண்ணிக்கை 40-ல் 11, அதாவது 27.5 சதவீதம். அவர் புதிதாக ஒன்று கேட்டார்: நிலையை மாற்ற மனமில்லை என்றால் அறிக்கையை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுங்கள், அதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறோம்.

தள்ளிவைக்கக் கேட்பது பழைய உத்தி. 2002-ல் வேர்ல்ட்காம் நிறுவனத்தில் மூலதனச் செலவுத் தணிக்கையைத் தள்ளிவைக்கும்படி உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரிடம் நிதித் தலைவர் கேட்டார். கூப்பர் இணங்கவில்லை, தொடர்ந்து பார்த்தார், பெரிய கணக்கு மோசடி வெளியே வந்தது. எங்கள் விஷயம் அந்த அளவில் இல்லை, மோசடியும் இல்லை. கேள்வி மட்டும் ஒன்றுதான்.

தள்ளிவைக்க முடியாது என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் வேறொரு தவறைச் செய்தேன். "தாள்கள் எங்காவது இருக்கலாம், இன்னும் நான்கு நாள் தேடிப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிலை தானாகவே நடுத்தரம் ஆகிவிடும்" என்று சொன்னேன். நியாயமாக நடந்துகொள்வதாகத்தான் எனக்குப் பட்டது. எப்படிப்பட்ட சான்றை ஏற்போம் என்று எதுவும் சொல்லவில்லை. எத்தனை தாள் வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அன்று தணிக்கையாளரிடமும், "நடுத்தரம்னு போட்டா என்ன குறைஞ்சுடப் போகுது, பரிந்துரை அதேதானே?" என்று கேட்டேன். அவர் கேட்ட எதிர்க்கேள்வி: "பரிந்துரை அதேன்னா அவர் ஏன் சார் இவ்வளவு தூரம் வர்றார்?" உயர் நிலைக் கண்டறிவு மட்டும்தான் முழு வாசகத்தோடு தணிக்கைக் குழுவுக்குப் போகும், நடுத்தரம் ஒரு பட்டியலில் ஒற்றை வரியாகப் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வர விரும்பவில்லை.

## நான்கு தாள்கள்

எட்டாம் நாள் நான்கு தாள்கள் வந்தன. 11-ல் நான்கைக் கழித்தால் ஏழு, 40-ல் ஏழு 17.5 சதவீதம். மூன்று தாள் வந்திருந்தால் சரியாக 20-ல் நின்று உயர் நிலையே இருந்திருக்கும். நான்கு வந்தன.

தணிக்கையாளர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முதலில் தாள்களைத்தான் பார்த்தார். படிவத்தின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் "திருத்தம் 4" என்று அச்சாகியிருந்தது. அந்தப் பதிப்பில் "அழைத்த எண்" என்ற கட்டம் உண்டு, முந்தைய பதிப்பில் இல்லை. படிவங்களின் பதிவேட்டைப் பார்த்தால், திருத்தம் 4 புழக்கத்துக்கு வந்தது அந்தத் தாள்களில் எழுதியிருந்த தேதிகளுக்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு.

படிவம் மட்டும் போதாது என்று நினைத்தார். பழைய விவரத்தைப் புதிய படிவத்தில் யாராவது படியெடுத்திருக்கலாம். அதனால் அலுவலகத் தொலைபேசியின் அழைப்புப் பதிவை வாங்கினார். 18 மாதப் பதிவு சேமிப்பில் இருந்தது. மூன்று சப்ளையர்களுக்குத் தாளில் இருந்த தேதியிலோ அதை ஒட்டிய நாட்களிலோ எந்த அழைப்பும் போகவில்லை. நான்காவது சப்ளையருக்கு அதே நாளில் ஓர் அழைப்பு இருந்தது. ஆனால் கணினியில் ஒப்புதல் தரப்பட்டது காலை 10.20-க்கு, அழைப்பு போனது மாலை 3.40-க்கு, பேசியது 40 நொடி. எதைப் பற்றிப் பேசினார்கள் என்று சொல்ல வழியில்லை. எதைப் பற்றியதாக இருந்தாலும், ஒப்புதலுக்கு முன் அழைக்க வேண்டும் என்ற விதிப்படி அதுவும் விலகல்தான்.

இதற்கிடையே அவர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். 11 சப்ளையர்களையும் கோப்பில் இருந்த பழைய எண்ணிலேயே அழைத்துக் கேட்டார். 11 மாற்றங்களும் உண்மையானவை. பணம் போக வேண்டிய இடத்துக்கே போயிருந்தது. நிதித் துறைக்குச் சாதகமான இந்தத் தகவலை அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

## எடுத்த முடிவுகள்

தாள்களைப் பார்த்த பிறகு எனக்குத் தயக்கம் போய்விட்டது. இப்படி ஒன்று நடந்த பிறகுதான் போயிற்று என்பதில் எனக்குப் பெருமை இல்லை.

தாள்கள் விஷயத்தைக் கண்டறிவோடு கலக்கவில்லை. பின்தேதியிட்ட ஆவணம் என்பது கட்டுப்பாடு செயல்படாததைவிட வேறு வகையான பிரச்சினை. யார் செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாத நிலையில் அறிக்கையில் ஒரு வரி எழுதினாலும் அது பொது மேலாளர் மீது குற்றச்சாட்டாகப் படிக்கப்படும். அதைத் தனிக் குறிப்பாக எழுதி, 11-ம் நாள் தணிக்கைக் குழுத் தலைவரிடம் நேரில் கொடுத்தேன். என்னிடம் வந்த கோரிக்கைகளையும், நான் 20 சதவீத அளவைச் சொன்னதையும் அதில் மறைக்காமல் எழுதினேன்.

கண்டறிவில் மூன்று மாற்றங்கள் செய்தோம். 13 என்பது 11 ஆனது. "சரிபார்க்கவில்லை" என்பது "சரிபார்த்ததற்குப் பதிவு இல்லை" ஆனது. தணிக்கையாளர் அழைத்து உறுதிசெய்ததும், இழப்பு எதுவும் காணப்படாததும் சேர்ந்தன. நிலை மாறவில்லை. வெளியான வாசகம் இது:

"மாதிரியாக எடுத்த 40 கணக்கு மாற்றங்களில் 11-ல், ஒப்புதலுக்கு முன் சப்ளையரைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்ததற்குப் பதிவு இல்லை. இவற்றில் 9 மாதத்தின் கடைசி மூன்று நாட்களில் நடந்தவை. பதிவு இல்லாமலேயே ஒப்புதலைக் கணினி ஏற்கிறது. 11 மாற்றங்களும் உண்மையானவை என்று தணிக்கையின்போது சப்ளையர்களிடம் உறுதிசெய்யப்பட்டது. இதே நிலை தொடர்ந்தால் போலிக் கோரிக்கை ஒன்றைப் பணம் போகும் முன் தடுக்கும் வாய்ப்பு குறைவு."

பொது மேலாளரை மீண்டும் சந்தித்து இந்த வாசகத்தைக் காட்டினோம். உண்மை விவரங்களை ஒப்புக்கொண்டார். நிலையை ஏற்கவில்லை. உள்தணிக்கையாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஐஏ வெளியிட்ட உலக உள்தணிக்கைத் தரநெறிகள் 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் உள்ளன. அதில் 13.1 இந்த இடத்துக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது. கருத்து வேறுபாடு இருந்தால் பேசிப் புரிந்துகொள்ள முயல வேண்டும். முடியாவிட்டால், சரியான காரணம் இல்லாமல் முடிவை மாற்றும் கடமை தணிக்கையாளருக்கு இல்லை. இரு தரப்பும் தங்கள் நிலைப்பாட்டைச் சொல்ல இடம் தர வேண்டும். அதன்படி அவருடைய மறுப்பை அவர் எழுதிய சொற்களிலேயே, ஒரு எழுத்தையும் மாற்றாமல், மேலாண்மைப் பதில் பகுதியில் அச்சிட்டோம். "இழப்பு இல்லாதபோது உயர் நிலை மிகையானது" என்பது அவர் வாதம். அதற்குக் கீழே எங்கள் பதில் இரண்டு வரி: நிலை தீர்மானிக்கப்படுவது கட்டுப்பாடு தவறிய அளவை வைத்து, இழப்பு நேர்ந்ததா என்பதை வைத்து அல்ல.

அறிக்கை 19-ம் நாள் வெளியானது. திட்டமிட்டதைவிட ஒன்பது நாள் தாமதம்.

## அதற்குப் பிறகு

தணிக்கைக் குழுத் தலைவர் தாள்கள் குறித்து விசாரிக்கச் சொன்னார். நிதித் துறையின் மூவர் குழுவில் இருந்த இளைய ஊழியர், தாள்களைத் தான் எழுதியதாக ஒப்புக்கொண்டார். "நாலு தாள் எப்படியாவது வேணும்" என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். மேற்பார்வையாளரோ, தாள்களைத் தேடும்படி பொது மேலாளர் தன்னிடம் சொன்னார், எண்ணையும் சொன்னார், எழுதச் சொல்லவில்லை என்றார். பொது மேலாளருக்கு அது தெரியும் என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரியாது என்றே நான் நினைக்கிறேன். மேலே ஒருவர் எண்ணைச் சொல்கிறார், நடுவில் ஒருவர் அதை உத்தரவாக மாற்றுகிறார், கீழே ஒருவர் பேனாவை எடுக்கிறார். அந்த எண் முதலில் என் வாயிலிருந்து வந்தது. இளைய ஊழியருக்கும் மேற்பார்வையாளருக்கும் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. எனக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை.

கணினியில் அழைத்த எண், பேசியவர், நேரம் ஆகிய மூன்றையும் நிரப்பாமல் ஒப்புதல் தர முடியாதபடி இரண்டு மாதத்தில் மாற்றினார்கள். ஒரு நாள் இலக்கை மூன்று நாளாக்கினார்கள். மாதிரியில் வராத 174 மாற்றங்களையும் நிதித் துறையே ஆறு வாரத்தில் அழைத்துச் சரிபார்த்தது. 172 உண்மையானவை. மீதி இரண்டு சப்ளையர்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மாற்றத்துக்குப் பிறகு அவர்களுக்குப் பணம் எதுவும் போகவில்லை. ஆக, மோசடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "நான்தான் சொன்னேனே" என்று பொது மேலாளர் இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி.

தணிக்கையாளருக்கு இது இலவசமாக முடியவில்லை. ஒவ்வொரு தணிக்கைக்குப் பிறகும் தணிக்கைக்கு உள்ளான துறை ஒரு கருத்துப் படிவம் நிரப்பும். அந்த மதிப்பெண் என் பிரிவினரின் ஆண்டு மதிப்பீட்டில் சேரும். நிதித் துறை கொடுத்தது, அதுவரை அவர் வாங்கியதிலேயே மிகக் குறைந்த மதிப்பெண். அந்த ஆண்டு நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் படிவம் கோப்பில் இருக்கிறது.

## மாற்றியவை, மாற்றாதவை

உண்மை விவரங்களை முதலில் தனியாக ஒப்புக்கொள்ள வைக்கிறோம். களப்பணி முடிந்ததும் விலகல்களின் பட்டியல் மட்டும், நிலையோ கருத்தோ இல்லாமல், துறைக்குப் போகும். ஐந்து நாளில் சான்று தரலாம். பிற்சேர்க்கையைத் தணிக்கையாளர் தவறவிட்டது போன்றவை அங்கேயே சரியாகிவிடுகின்றன. நிலையைப் பார்த்த பிறகு வரும் சான்றைத் தாளாக மட்டும் ஏற்பதில்லை. தொலைபேசிப் பதிவு, கணினிப் பதிவு என்று துறையின் கை படாத ஓரிடத்தில் அது பொருந்த வேண்டும்.

வரைவுக்கும் இறுதிக்கும் இடையே என்ன மாறியது, யார் கேட்டார்கள், எந்தச் சான்றால் ஏற்றோம் அல்லது மறுத்தோம் என்று ஒரு பக்க அட்டவணை இப்போது ஒவ்வொரு உயர் நிலை அறிக்கையோடும் தணிக்கைக் குழுவுக்குப் போகிறது. அந்த அட்டவணை இருக்கிறது என்று தெரிந்த பிறகு நீட்டப்படும் மாற்று வாக்கியங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

பொது மேலாளரின் மதிப்பீட்டிலிருந்து அந்த இலக்கை இயக்குநர் குழு எடுத்துவிட்டது. ஒப்புக்கொண்ட திருத்தங்களைக் குறித்த தேதிக்குள் முடித்தாரா என்பது அதற்குப் பதிலாக வந்தது. என் பட்ஜெட்டும் சம்பளக் கடிதமும் இன்னும் நிதித் துறை வழியாகத்தான் வருகின்றன. இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

20 சதவீத விதியைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. எண்ணை எடுத்துவிட்டால் ஒவ்வொரு நிலையும் பேரத்துக்கு வரும், எண் இருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும் என்பது தணிக்கையாளரின் வாதம். எண் இருப்பதால்தான் நான்கு தாள்கள் பிறந்தன என்பது என் வாதம். இப்போதைக்கு விதி அப்படியே இருக்கிறது.